மதிப்பெண்ணை நாட்குறிப்புக்குக் கொடுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் ஆசிரியர் அறை மேசைகளில் ஸ்பைரல் பைண்டிங் செய்த புத்தகங்கள் அடுக்கடுக்காக வந்து சேரும். எல்லாம் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் அறிக்கைகள். முதலில் நிறுவனம் கொடுத்த சான்றிதழ், பிறகு நன்றியுரை, நிறுவனத்தைப் பற்றிய அறிமுகம், செய்த பணிகள், பெற்ற திறன்கள், கடைசியில் முடிவுரை. இந்த வரிசை எங்கும் மாறுவதில்லை. இயந்திரவியல் துறையில் இவற்றைப் படித்து மதிப்பெண் போடும் பொறுப்பு எனக்கும் உண்டு. ஒவ்வோர் அறிக்கையிலும் நான் ஒரு சோதனை செய்து பார்ப்பேன். நிறுவனத்தின் பெயரை மனதுக்குள் அழித்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் பெயரை அங்கே வைத்துப் படிப்பேன். பெரும்பாலான அறிக்கைகளில் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

காரணம் எளிது. நிறுவன அறிமுகம் இணையதளத்திலிருந்து வந்திருக்கும். செய்த பணிகள் என்ற இடத்தில் சிஎன்சி எந்திரம் எப்படி இயங்குகிறது என்ற பாடநூல் விளக்கம் இருக்கும். பெற்ற திறன்கள் என்றால் குழுவாக வேலை செய்தல், நேர மேலாண்மை, தகவல் தொடர்பு. முடிவுரையில் இந்தப் பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதியிருக்கும். நான்கு வாரம் ஒரு தொழிற்சாலையின் தூசியிலும் சத்தத்திலும் நின்ற பிள்ளை எழுதியது இது என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அந்தப் பிள்ளை உண்மையிலேயே நின்றிருப்பான். பார்த்ததும் நிறைய இருக்கும். ஆனால், பார்த்ததை எழுதலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள்.

விதிகளில் குறை இல்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் அதையொட்டிய இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலும், நான்காண்டுப் படிப்பில் 600 முதல் 700 மணி நேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. மாணவர் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அவர் வேலை பார்த்த பிரிவின் மேற்பார்வையாளர் அதில் கையெழுத்திட வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. நாட்குறிப்பை எப்படி மதிப்பிடுவது என்பதும் அதில் இருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்டதா, வரைபடங்களும் அளவீடுகளும் இருக்கின்றனவா, எழுதியவரின் யோசனை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. கடைசி நாளில் ஒரே பேனாவில் முப்பது நாள் குறிப்பும் எழுதப்பட்டு, முப்பது கையெழுத்தும் ஒரே மூச்சில் வாங்கப்படுகின்றன. பைண்டிங் செய்த புத்தகத்துக்குத்தான் மதிப்பெண் என்று ஆகிவிட்டதால் நாட்குறிப்பு ஒரு சடங்காகிவிட்டது.

நல்ல அறிக்கை எப்படி இருக்கும் என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு நான்கு பகுதிகளையும் எழுதிப் பார்ப்பது நல்லது. கோயம்புத்தூரில் பம்புசெட் பாகங்கள் வார்க்கும் சிறிய ஃபவுண்டரி ஒன்றுக்கு மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் நான்கு வாரப் பயிற்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலையும் மாணவரும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வேலைமுறையும் குறைகளும் எந்த ஃபவுண்டரியிலும் காணக்கூடியவை.

கண்ணால் கண்ட நிறுவனம்

நிறுவன அறிமுகத்தை இணையதளத்திலிருந்து எடுக்க முடியாத இடம் இது. சிறிய ஃபவுண்டரிகள் பலவற்றுக்கு இணையதளமே இருக்காது. உடனே மாணவர்கள் ஊரின் பெருமையை எழுதத் தொடங்குவார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரைத் தயாரித்தார்கள் என்று இரண்டு பக்கம் ஓடும். அந்த வரலாறு உண்மை, அறிய வேண்டியதும்கூட. கிணறுகள் ஆழமான ஊரில் மோட்டாரும் பம்பும் ஏன் வேர்விட்டன என்பதை அது சொல்கிறது. ஆனால், அதை நூலகத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். பயிற்சிக்குப் போன பிள்ளையிடம் நாம் கேட்பது வேறு.

இரும்பு ஆலைக்குள் எந்த வாசல் வழியாக, என்ன உருவத்தில் வருகிறது? என்ன ஆகி வெளியே போகிறது? இதை மட்டும் பின்தொடர்ந்து நடந்தால் நிறுவன அறிமுகம் தானாக வந்துவிடும். பழைய இரும்பும் பிக் அயர்னும் லாரியில் இறங்குகின்றன. தூண்டல் உலையில் உருகுகின்றன. அந்த உலை எத்தனை கிலோ கொள்ளும், ஒரு முறை உருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நின்று பார்த்து எழுதலாம். மறுபக்கம் சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் ஆகியவை மிக்சரில் கலந்து பச்சை மண்ணாகின்றன. அதை மோல்டிங் எந்திரத்தில் இடித்து அச்சு செய்கிறார்கள். பம்புக்குள் தண்ணீர் ஓடும் வெற்றிடத்துக்காக மணலாலேயே செய்த கோரை உள்ளே வைத்து அச்சை மூடுகிறார்கள். பிறகு லேடிலில் உலோகத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். ஆறியதும் உடைத்து எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணை ஷாட் பிளாஸ்டிங் எந்திரத்தில் அகற்றி, பிசிறுகளைத் தேய்த்து, மெஷின் ஷாப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே கடைசல் முடிந்து, தண்ணீர் அழுத்தத்தில் கசிவு பார்த்த பிறகே கேசிங் வெளியேறுகிறது.

இந்த ஓட்டத்தை ஒரே பக்கத்தில் கையால் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் நிற்கிறார்கள், பொருள் எங்கே காத்துக்கிடக்கிறது என்று குறித்தால் போதும். தொலைநோக்கு, குறிக்கோள் என்ற தலைப்புகளில் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் ஆலையைக் காட்டும். ஆலை வார்ப்பது எந்தத் தரம் என்பதையும் அதில் எழுத வேண்டும். சாம்பல் வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 210. அதில் எஃப்ஜி 200 என்றால் இழுவலிமை 200 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது என்று பொருள். வகுப்பில் மனப்பாடம் செய்த எண் இந்த ஆலையில் எங்கே, எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று கேட்டாலே மாணவருக்கு ஒரு நாள் வேலை கிடைத்துவிடும்.

மேலாண்மை படிக்கும் மாணவர் இதே ஆலைக்குப் போனால் அவர் பின்தொடர வேண்டியது இரும்பை அல்ல, பணத்தை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர்கள் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அந்த ஆலையின் பில்களில் எத்தனை அந்தக் கெடுவுக்குள் தீர்ந்தன, எவை எத்தனை நாள் நின்றன என்று பட்டியலிட்டால் அதுவே ஒரு முழு அறிக்கைக்குப் போதும்.

ஒரு கேள்வி, மூன்று வாரம்

செய்த பணிகள் என்ற பகுதிதான் அறிக்கையின் உயிர். அங்கேதான் நம் மாணவர்கள் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்கள். இந்த எந்திரத்தைக் கவனித்தேன், அந்தப் பிரிவைப் பார்வையிட்டேன் என்று போகும். நான்கு வாரத்தில் ஒரு மாணவர் ஆலையை மாற்றிவிட முடியாது. ஆனால், ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அளக்க முடியும். முதல் வாரம் முழுக்கச் சுற்றிப் பார்ப்பதற்கு. அந்த வாரத்தின் முடிவில் கேள்வி கையில் இருக்க வேண்டும்.

நம் மாணவரின் கேள்வி இது. ஒரு ஹெச்பி மோனோபிளாக் பம்பின் கேசிங் ஏன் இவ்வளவு ரிஜெக்ட் ஆகிறது? வார்ப்பின் எடை 8 கிலோ. ஊற்றுவாய், ஓடுகால் எல்லாம் சேர்த்து ஓர் அச்சுக்கு 10 கிலோ உலோகம். ரிஜெக்‌ஷன் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘புளோ ஹோல்’ என்றே எழுதியிருக்கிறது. மூன்று வாரத்தில் ஊற்றப்பட்டவற்றில் 600 அச்சுகளை அவர் பின்தொடர்கிறார். 48 கேசிங்குகள் கழிக்கப்படுகின்றன. அதாவது நூற்றுக்கு 8. அந்த 48இல் 34 புளோ ஹோல் என்று பதிவேடு சொல்கிறது.

இங்கேதான் பாடநூலும் ஆலையும் சந்திக்கின்றன. வார்ப்பில் ஓட்டை இருந்தால் ஃபவுண்டரியில் எல்லோரும் புளோ ஹோல் என்றுதான் சொல்வார்கள். ஆனால், எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. வாயுவால் வந்த ஓட்டையின் உட்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். உலோகம் உறையும்போது சுருங்கி வந்த ஓட்டை சொரசொரப்பாக, கிழிந்தது போல, பெரும்பாலும் தடித்த பகுதிகள் சேரும் மூலையில் இருக்கும். அச்சு மண் உதிர்ந்து விழுந்த இடத்தில் ஒழுங்கற்ற பள்ளமும், அதற்குள் மணல் துகள்களும் தெரியும். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை உடைத்துப் பார்க்க வேண்டும். கழிக்கப்பட்ட வார்ப்பு மீண்டும் உலைக்குத்தான் போகப்போகிறது என்பதால் யாரும் தடுக்கமாட்டார்கள். மாணவர் பிரித்துப் பார்த்தபோது 34இல் 21 மட்டுமே வாயுவால் வந்தவை. 9 மண் உதிர்ந்தவை, 4 சுருக்கம். பதிவேடு ஒரே பெயரில் மூன்று நோய்களை எழுதிவைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அடுத்து அவர் செய்தது எளிமையான வேலை. கேசிங்கின் படத்தை ஒரு தாளில் பெரிதாக வரைந்து, வாயு ஓட்டை எங்கே இருந்ததோ அந்த இடத்தில் ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு புள்ளி வைத்தார். அச்சு மண்ணின் ஈரம் காரணமாக இருந்தால் புள்ளிகள் மேற்பரப்பெங்கும் சிதறிக்கிடக்க வேண்டும். அப்படி இல்லை. 21இல் 16 புள்ளிகள் மேல்பக்க விளிம்பில், கோர் அச்சில் உட்காரும் இடத்தையொட்டிக் குவிந்திருந்தன. சூடான உலோகம் கோரைச் சூழும்போது கோருக்குள் இருக்கும் ஈரமும் பிணைப்புப் பொருளும் வாயுவாகின்றன. அந்த வாயு கோரின் காற்றுத்துளை வழியாக வெளியேற வேண்டும். வழி அடைபட்டாலோ, வாயு அளவுக்கு மீறி வந்தாலோ அது உலோகத்துக்குள் நுழைந்து, மேலேறி, மேல்தோலுக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். அப்படியானால் தேட வேண்டியது அச்சு மண்ணில் அல்ல, கோரில்.

கோர் மேசை மேஸ்திரியிடம் கேட்டால் இந்தப் பதில் கிடைக்கும். “தம்பி, திங்கக்கெழமை ஊத்துறதுல எப்பவும் இந்தத் தகராறு இருக்குமுங்க. சனிக்கெழமை போட்ட கோரத்தான் அன்னைக்கு வெக்கிறோம்.” அனுபவத்தில் வந்த அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புதான் மாணவருக்குக் கிடைத்த உண்மையான பணி. இங்கே கோர்கள் சோடியம் சிலிக்கேட் கலந்த மணலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் கெட்டியாக்கப்படுகின்றன. இந்த வகைக் கோர் நாள்பட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே மேஸ்திரி சொல்வதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது.

சோதிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஓட்டைகள் பல, மேல்தோலைக் கடைந்து எடுத்த பிறகே தெரியும். அதாவது ஊற்றி இரண்டு மூன்று நாள் கழித்து, மெஷின் ஷாப்பில். அதற்குள் எந்த வார்ப்பு எந்த நாளில், எந்தக் கோரோடு ஊற்றப்பட்டது என்பது மறந்துபோகும். சாக்பீஸோ பெயிண்டோ ஷாட் பிளாஸ்டிங்கில் அழிந்துவிடும். எனவே கடைசல் படாத ஒரு முகத்தில், அச்சு மண்ணிலேயே எழுத்துப் பஞ்ச்சை அழுத்தி அடையாளம் வைக்க வேண்டும். அந்த எழுத்து இரும்பிலேயே வார்ந்து வரும். இதைக் கண்டுபிடிக்கவே மாணவருக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும். வெள்ளைப் பெயிண்ட் பூசி, அது காணாமல் போய், பிறகுதான் பஞ்ச்சுக்கு வந்திருப்பார். அந்த இரண்டு நாளும் அறிக்கையில் இருக்க வேண்டும். பொறியியல் என்று நாம் சொல்லும் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

மூன்று திங்கட்கிழமைகளில் பழைய கோர் வைத்த 300 அச்சுகள், மூன்று புதன்கிழமைகளில் அன்றே செய்த கோர் வைத்த 300 அச்சுகள். பழைய கோரில் 16 வாயு ஓட்டைகள், புதிய கோரில் 5. நூற்றுக்கு 5.3, எதிரே 1.7. மேஸ்திரி சொன்னது சரி என்று இங்கேயே எழுதி முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். நல்ல மாணவர் நிறுத்த வேண்டிய இடம் இது. இவ்வளவு வேறுபாடு வெறும் தற்செயலாக வருவது அரிது. ஆனால், திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இடையே கோர் மட்டுமா வேறுபடுகிறது? ஞாயிறன்று மண் சும்மா கிடந்து உலர்ந்திருக்கும். உலையின் சுவர் குளிர்ந்திருக்கும். விடுப்பு முடிந்து வராத ஆட்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் நின்றிருக்கலாம். குற்றவாளி கோரா, திங்கட்கிழமையா என்பது இந்த எண்களில் பிரியவில்லை.

பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரே நாளில், ஒரே லேடிலிலிருந்து, பழைய கோரும் புதிய கோரும் மாறி மாறி வைத்த அச்சுகளில் ஊற்ற வேண்டும். கடைசி வாரத்தில் சூப்பர்வைசர் 40 அச்சுகளுக்கு அனுமதி தருகிறார். பழைய கோர் 20, புதிய கோர் 20. முதல் வகையில் 2 ஓட்டைகள், இரண்டாவதில் ஒன்றும் இல்லை. இதிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நூற்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் 20 அச்சுக்கு ஓர் ஓட்டை வருவது இயல்பு. இரண்டு வந்தாலும் இயல்பு, ஒன்றும் வராவிட்டாலும் இயல்பு. 5.3க்கும் 1.7க்கும் உள்ள வேறுபாட்டை நம்பும்படி காட்ட ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 400 அச்சுகள் வேண்டும். வகுப்பில் படித்த புள்ளியியல் இந்த இடத்தில் அவருக்கு உதவுகிறது. எவ்வளவு அளந்தால் போதும் என்று தெரிந்துகொள்ள உதவுகிறது.

இடையில் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. கழிவில் 7 கேசிங்குகள், உலோகம் இரு பக்கமிருந்து வந்து ஒட்டாமல் கோடு விழுந்தவை. கோல்ட் ஷட் என்பார்கள். ஒரு லேடில் 100 கிலோ, பத்து அச்சுக்கு ஊற்றும். அந்த 7இல் 6, லேடிலின் கடைசி மூன்று அச்சுகளில் வந்தவை. வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது முதல் அச்சில் 1390 டிகிரி, கடைசியில் 1310. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. லேடிலை நன்றாகச் சூடேற்றிவிட்டு எட்டு அச்சோடு நிறுத்திப் பார்க்கலாம்.

திறன் என்று எதைச் சொல்வது

இப்படி ஒரு வேலை கையில் இருந்தால் பெற்ற திறன்கள் என்ற பகுதியை நிரப்ப அகராதி தேட வேண்டாம். மண்ணின் ஈரத்தை அளக்கக் கற்றேன் என்று ஒரு வரி எழுதலாம். ஆனால், அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். சில கிராம் மண்ணைக் கால்சியம் கார்பைடுடன் ஒரு மூடிய குப்பியில் போட்டுக் குலுக்க வேண்டும். ஈரத்துக்கேற்ப அசிட்டிலீன் வாயு உண்டாகி அழுத்தமானியின் முள் ஏறும். முள் காட்டுவதே ஈரத்தின் அளவு. ஒரே மண்ணை இரண்டு முறை அளந்தால் ஒரு முறை 3.8, இன்னொரு முறை 3.4 காட்டலாம். மண்ணை எங்கிருந்து எடுத்தாய், மிக்சரிலிருந்தா, தரையில் கொட்டிய குவியலின் மேலிருந்தா? வாய்மொழித் தேர்வில் நான் கேட்பது இதைத்தான். இரண்டு அளவில் எதை எழுதினாய், ஏன்? குப்பியைக் கையில் பிடித்த மாணவர் உடனே பேசத் தொடங்குவார். குவியலின் மேல்பகுதி உலர்ந்துவிடும் என்பார், குலுக்கியது போதாமல் இருந்திருக்கும் என்பார். பிடிக்காதவர் கருவியின் தத்துவத்தை ஒப்பிப்பார். வேறுபாடு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பணம் கட்டி வாங்கிய சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பும் இந்தப் பகுதியில் வர வேண்டியது. பெரும்பாலான அறிக்கைகளில் ஹெல்மெட்டும் ஷூவும் அணிந்தேன் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஃபவுண்டரியில் உயிரைக் காக்கும் அறிவு குறிப்பானது. ஈரமான எதுவும் உருகிய இரும்புக்குள் போகக் கூடாது. கசடு வழிக்கும் கம்பி, வெப்பமானியின் முனை, உலையில் போடும் பழைய இரும்பின் குழாய்த் துண்டுக்குள் தேங்கிய மழைநீர் எதுவானாலும், நீர் ஒரு நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே தெறிக்கவைக்கும். கம்பியை உலை வாயில் காய்ச்சிவிட்டு உள்ளே விட வேண்டும் என்று மேஸ்திரி கையைப் பிடித்துச் சொல்லியிருப்பார். அதை எழுதுகிற மாணவர் அங்கே நின்றவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் வராது.

முடிவுரைக்கு வருவோம். பயிற்சி பயனுள்ளதாக இருந்தது என்பது முடிவு அல்ல. கேள்வி ஒன்று இருந்ததல்லவா, அதற்கான பதிலே முடிவு. நம் மாணவரின் முடிவுரை இப்படி அமையலாம். பதிவேட்டில் புளோ ஹோல் என்று எழுதப்பட்ட 34இல் 13 வாயு ஓட்டை அல்ல. உண்மையான வாயு ஓட்டைகளில் பெரும்பகுதி கோரின் அருகில் வருகிறது. நாள்பட்ட கோரில் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால், திங்கட்கிழமையின் மற்ற மாற்றங்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டப் போதிய அச்சுகள் சோதிக்கப்படவில்லை. இவ்வளவு தெரிந்தது, இவ்வளவு தெரியவில்லை என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தேன்’ என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண் போகிறது. நான்கு வாரத்தில், ஒரு மாணவரின் முயற்சியில், ஓர் ஆலையின் கழிவு பாதியாகிவிட்டது என்றால், முதலில் அளந்த முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கணக்கையும் முடிவுரையில் ஒரு வரி சேர்க்கலாம். கழிந்த 48 அச்சுக்கு 480 கிலோ உலோகம். இரும்பு வீணாகவில்லை, திரும்ப உருகிவிடும். ஆனால், தூண்டல் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் என்று எடுத்துக்கொண்டால், 290 யூனிட் அளவுக்கு மின்சாரம் இரண்டாவது முறை செலவாகிறது. அச்சு செய்த கூலியும் கோர் செய்த கூலியும் திரும்ப வராது. மெஷின் ஷாப்பில் கடைந்த பிறகு கழிந்தவற்றில் கடைசல் நேரமும் போய்விட்டது. ஆகவே எத்தனை கழிந்தன என்பதோடு, எந்தக் கட்டத்தில் கழிந்தன என்பதையும் எழுதினால் முதலாளிக்குப் புரியும்.

முதலாளி இதையெல்லாம் எழுத விடுவாரா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எந்த ஆலையும் தன் கழிவு விகிதம் வாடிக்கையாளரின் கண்ணில் படுவதை விரும்பாது. அதற்கு வழி இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயரும் பேட்டர்ன் எண்ணும் அறிக்கையில் வரக் கூடாது. உண்மை எண்களுக்குப் பதிலாக முதல் வாரத்தின் கழிவை 100 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு எழுதலாம். படம் எடுக்கக் கூடாது என்றால் கையால் வரையலாம், வரைவதில் கவனமும் கூடும். கடைசி வாரத்துக்கு முந்தைய வாரமே வரைவை சூப்பர்வைசரிடம் காட்டிவிட வேண்டும். சான்றிதழ் வாங்கும் நாளில் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், அல்லது படித்துவிட்டு மறுப்பார்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மதிப்பெண்ணில் பாதியை நாட்குறிப்புக்கும், கால் பங்கை அதை வைத்து நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கும், மீதியை அறிக்கைக்கும் ஒதுக்கலாம். நாட்குறிப்பு கிரீஸும் மண்ணும் பட்ட நோட்டாகவே வரட்டும், தட்டச்சு வேண்டாம். வழிகாட்டி ஆசிரியர் ஆலைக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் கடைசி வாரத்தில் போக வேண்டாம், இரண்டாவது வாரத்தின் தொடக்கத்தில் போகட்டும். கேள்வியைத் திருத்தவும், சூப்பர்வைசரிடம் அளப்பதற்கு அனுமதி வாங்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும். கோயம்புத்தூர், ஓசூர், திருப்பூர் போன்ற ஊர்களில் ஒரே ஆலைக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் போகிறார்கள். போன ஆண்டு மாணவரின் அறிக்கையை இந்த ஆண்டு மாணவருக்குக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம். ஒருவரால் 40 அச்சுகளைத்தான் சோதிக்க முடிந்தது என்றால், அடுத்தடுத்து வருபவர்கள் அதை 800க்குக் கொண்டுபோவார்கள்.

இன்னொன்றும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் அதன் கடைசியில் தமிழில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். அது கல்லூரிக்காக அல்ல, கோர் மேசையில் நிற்கும் மேஸ்திரிக்காக. கேசிங்கின் படம், புள்ளிகள் குவிந்த இடம், பழைய கோருக்கும் புதிய கோருக்கும் வந்த எண்கள், இன்னும் எத்தனை அச்சு மாறி மாறி ஊற்றினால் உறுதியாகும் என்ற கணக்கு ஆகியவை அதில் இருந்தால் போதும். மாணவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிறகும், சனிக்கிழமை செய்த கோரை எந்த அச்சில் வைத்தோம் என்று எழுத்துப் பஞ்ச்சால் அடையாளமிடுவதை மேஸ்திரியே தொடரலாம்.